முழங்கால் தேய்மானம்: மொரிஷியஸில் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகக் கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தீவில் இயன்முறைச் சிகிச்சை செய்துவருகிறேன். கோயில் மண்டபத்திலும் டிஸ்பென்சரி வாசலிலும் பிள்ளைகள் தங்கள் அம்மா, அப்பாவுக்காக என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இந்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. அதனால் முழங்காலுக்குத் தரும் மருந்தையும் ஊசியையும் அறுவையையும் சர்க்கரையோடும் இரத்த அழுத்தத்தோடும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு 68 வயது. படி இறங்கினால் முழங்கால் வலிக்கிறது. காலையில் எழுந்ததும் சிறிது நேரம் பிடித்துக்கொள்கிறது. இது தேய்மானம்தானா? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேய்மானம்தான். 45 வயதைத் தாண்டியவர், நடந்தால், படி ஏறி இறங்கினால் வரும் வலி, காலையில் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும் இறுக்கம். இந்த மூன்றும் பொருந்தினால் எக்ஸ்ரே இல்லாமலேயே மருத்துவர் முடிவு செய்யலாம். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது. எக்ஸ்ரே தேவைப்படுவது கதை பொருந்தாதபோதும், அறுவையைப் பற்றிப் பேச்சு எழும்போதும்தான்.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே சரிபாருங்கள். இடுப்பு மூட்டு கெட்டிருந்தாலும் வலி முழங்காலில் தெரிவதுண்டு. அம்மாவை நாற்காலியில் உட்கார வையுங்கள். முழங்காலை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு, பாதத்தை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் தள்ளுங்கள். தொடையிடுக்கில் வலித்தாலோ, மறுகாலைப் போல நகர மறுத்தாலோ இடுப்பைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்கு மாதக்கணக்கில் மருத்துவம் பார்த்துவிட்டு, பிறகு இடுப்புதான் காரணம் என்று தெரிந்துகொண்டவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது மூட்டுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு இது இன்னும் ஆபத்து. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கீழே விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலும், கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும், அசையாமல் படுத்திருக்கும்போதும் இரவெல்லாம் வலி விடாமல் இருந்து உடல் எடையும் குறைந்துகொண்டே வந்தாலும் அப்படியே.

எக்ஸ்ரேயில் எலும்போடு எலும்பு உரசுகிறது என்றார்கள். நடந்தால் இன்னும் தேய்ந்துவிடாதா?

இந்த ஒரு வாக்கியம் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. இதைக் கேட்ட நாளிலிருந்து நடப்பதையே விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர்.

குருத்தெலும்பில் நரம்பு கிடையாது. அது தேய்வதை நாம் நேரடியாக உணர்வதில்லை. வலி வருவது அதன் அடியிலுள்ள எலும்பிலிருந்தும், மூட்டை உள்ளே போர்த்தியிருக்கும் சவ்வின் அழற்சியிலிருந்தும், சுற்றியுள்ள தசைநார்களிலிருந்தும்தான். அதனால்தான் படத்தில் மோசமாகத் தேய்ந்த முழங்காலோடு சந்தைக்கு நடந்து போகிறவரும் இருக்கிறார், படத்தில் சிறு மாற்றம் மட்டுமே தெரிய, வலியில் தூங்க முடியாதவரும் இருக்கிறார்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயும் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. பஞ்சை அழுத்தி விட்டால் தண்ணீரை உறிஞ்சுவதுபோல, காலை ஊன்றி எடுக்கும்போதுதான் அந்த நீர் உள்ளே போய் வருகிறது. அளவான நடையும் பயிற்சியும் தேய்மானத்தை வேகப்படுத்துவதாகச் சோதனைகள் காட்டவில்லை. அசைக்காமல் வைத்தால் தொடைத் தசை கரைகிறது. அந்தத் தசை தாங்க வேண்டிய பாரம் பிறகு மூட்டின்மீதே இறங்குகிறது.

எந்த வலி மாத்திரை நல்லது? அம்மா சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கித் தராதீர்கள். இந்தப் பக்கத்தில் வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் இரத்தம் வரும் குழாய் ஒன்று, போகும் குழாய் ஒன்று உண்டு. இரத்த அழுத்தத்துக்குத் தரும் பெரிண்டோபிரில், எனலாபிரில் போன்றவை போகும் குழாயைத் தளர்த்துகின்றன. இண்டாபமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற நீர் மாத்திரைகள் உடலில் ஓடும் நீரின் அளவைக் குறைக்கின்றன. இந்த இரண்டோடும் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். அவற்றின்மேல் டைக்ளோஃபெனாக்கைச் சேர்த்தால் அது வரும் குழாயைச் சுருக்கிவிடுகிறது. வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் வெயில், விரதம் இவற்றில் ஏதேனும் ஒன்று அந்த நேரத்தில் சேர்ந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கலாம்.

காத்ர் போர்ன் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஓர் அம்மாவின் கதையை இந்தப் பக்கம் முழுவதும் தொடர்ந்து சொல்கிறேன். வயது 68, உயரம் 154 சென்டிமீட்டர், எடை 78 கிலோ. காலையில் பெரிண்டோபிரில், இண்டாபமைட். சாப்பாட்டோடு மெட்ஃபார்மின். முழங்கால் வலிக்கு 50 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக்கை நாளுக்கு இரண்டாக ஆறு வாரம் எடுத்திருந்தார். வயிறு புண்ணாகாமல் இருக்க ஒமெப்ரசோலும் சேர்த்துக்கொண்டதால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று வீட்டார் நம்பினார்கள். ஒமெப்ரசோல் வயிற்றைத்தான் காக்கும், சிறுநீரகத்தைக் காக்காது. செலிகாக்சிப் போன்ற 'வயிற்றுக்கு மென்மையான' மாத்திரைகளும் சிறுநீரக விஷயத்தில் டைக்ளோஃபெனாக்கைப் போன்றவைதான். அந்த அம்மாவின் செருப்பு வார் கணுக்காலில் பள்ளம் பதித்திருந்தது. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. டிஸ்பென்சரியில் இரத்தம் சோதித்தபோது, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினும் உயர்ந்திருந்தது. மருத்துவர் டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரத்தில் கிரியாட்டினின் பழைய அளவுக்குத் திரும்பியது. எல்லாருக்கும் இப்படித் திரும்பிவிடுவதில்லை.

கணுக்கால் வீக்கம், சிறுநீர் குறைதல், ஓரிரு நாளில் இரண்டு கிலோ ஏறுதல், தார்போல் கறுத்த மலம். இந்த மாத்திரை எடுப்பவரிடம் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

பனடோல், அதாவது பாராசிட்டமால், சிறுநீரகத்துக்கு இந்த ஆபத்தைத் தருவதில்லை. ஆனால் தேய்மான வலிக்கு அது தரும் பலன் சிறியது. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ புறப்படும் முன் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு போட்டுக்கொள்வதில் தவறில்லை. தினமும் நான்கு வேளை என்று பழக்கமாக்க வேண்டாம். டிரமடோல் போன்றவை மயக்கத்தையும் மலச்சிக்கலையும் தந்து முதியவரைக் கீழே விழ வைக்கும். முழங்கால் வலிக்கு மருந்து எடுத்து, விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வது என்ன கணக்கு?

மாத்திரை கூடாது என்றால் ஜெல்தான் மிச்சம். தடவினோமே, ஒன்றும் ஆகவில்லை.

எவ்வளவு தடவினீர்கள்? பெரும்பாலானோர் பட்டாணி அளவு எடுத்து, வலிக்கும் இடத்தில் மட்டும் தேய்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். டைக்ளோஃபெனாக் ஜெல் முழங்காலுக்கு வேண்டியது ஒரு வேளைக்கு 2 முதல் 4 கிராம், நாளுக்கு 3 அல்லது 4 வேளை. 4 கிராம் என்பது டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளம், ஒரு பெரியவரின் உள்ளங்கை அகலத்தையே தாண்டும். அதை முழங்காலின் முன்புறம், இரு பக்கங்கள், பின்புறம் என்று சுற்றிலும் தடவ வேண்டும். பத்து நிமிடம் துணி படாமல் விடுங்கள். பிறகு கை கழுவுங்கள். இரண்டு வாரமாவது விடாமல் தடவிய பிறகுதான் பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்லலாம்.

ஜெல்லிலிருந்து இரத்தத்துக்குள் போவது மாத்திரையிலிருந்து போவதில் மிகச் சிறு பங்குதான். அதனால்தான் வழிகாட்டிகள் முழங்காலுக்கு ஜெல்லை முதலில் வைக்கின்றன. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்கள் மட்டும் இதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். ஜெல்லையும் மாத்திரையையும் சேர்த்து எடுத்தால் ஜெல்லின் நன்மையே போய்விடும்.

முழங்காலுக்குள் ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஸ்டீராய்டு ஊசி வீங்கிய முழங்காலைச் சில வாரங்களுக்குத் தணிக்கும், சரியாக்காது. தணிந்த அந்த வாரங்களில் பயிற்சியைத் தொடங்க முடிந்தால் ஊசியால் பயன் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு ஆண்டுகள் ஊசி போட்டுப் பார்த்த ஒரு சோதனை 2017இல் வெளியானது. வெறும் உப்பு நீர் ஊசி பெற்றவர்களைவிட ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு வலி குறையவில்லை, குருத்தெலும்போ கூடுதலாகத் தேய்ந்திருந்தது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். வீட்டில் கருவி இருந்தால் அந்த வாரம் அடிக்கடி பாருங்கள். முழங்கால் மாற்று அறுவைக்கு முன் மூன்று மாதத்துக்குள் இந்த ஊசி போடக் கூடாது, தொற்று அபாயம் கூடும். ஹயலூரோனிக் அமில ஊசிக்குக் காசு செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் பலன் போலி ஊசியின் பலனைப் பெரிதாகத் தாண்டவில்லை.

மூலிகைப் பொடி, குளுக்கோசமின், எண்ணெய்?

இளஞ்சூட்டில் எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், செய்யலாம். குளுக்கோசமின் வேண்டாம். பெயர்ச்சீட்டு இல்லாத பொடி ஒன்று இரண்டே நாளில் வலியை அடியோடு நிறுத்தினால் சந்தேகப்படுங்கள். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்ததைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். முகம் உப்புவதும், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுவதும் அதன் அடையாளங்கள். நாள்பட எடுத்திருந்தால் ஒரேயடியாக நிறுத்தாமல், பொடியையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

எந்தப் பயிற்சி? எத்தனை முறை? தினமும் காலை நீட்டி மடக்குகிறாரே, போதாதா?

போதாது. காலை நீட்டி மடக்குவது இறுக்கத்தைக் கொஞ்சம் குறைக்கும், தசையை வளர்க்காது. தசை வளர அதற்குக் கடினமான வேலை வேண்டும். கடினம் வாரத்துக்கு வாரம் சிறிது ஏறவும் வேண்டும். பயிற்சி பலிக்கவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் நாள் செய்த அதே அளவைத்தான் ஆறு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் அளந்துகொள்ளுங்கள். சக்கரமில்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோரம் வையுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11க்குக் குறைவு என்றால் கால் வலு குறைவு. ஆண்களுக்கு 12. நம் காத்ர் போர்ன் அம்மாவால் அந்த நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஒருமுறைகூட எழ முடியவில்லை. இரண்டு தலையணை போட்டு உயர்த்தியபோது ஆறுமுறை எழுந்தார்.

அவருக்குத் தந்த பயிற்சிகள் மூன்றுதான். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒருநாள் ஓய்வு.

முதலாவது, அந்த நாற்காலியில் எழுந்து உட்காருவதே. எழுவது எளிது, உட்காருவதில்தான் பயிற்சி இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் இரண்டாம் கால்விரலின் நேரே இருக்க வேண்டும். எட்டு முறை ஒரு சுற்று, இரண்டு நிமிட ஓய்வு, மொத்தம் மூன்று சுற்று. மூன்று சுற்றிலும் பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் ஒரு தலையணையை எடுத்துவிட்டு மறுபடி எட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது, படி ஏறுதல். பத்து சென்டிமீட்டர் உயரமான பலகையில், சுவரைத் தொட்டுக்கொண்டு, வலிக்கும் காலால் ஏறி அதே காலின் பிடியில் மெதுவாக இறங்குவது. அது பழகிய பின் வீட்டு வாசற்படி.

மூன்றாவது, சமையலறை மேடையைப் பிடித்து நின்று, காலைப் பக்கவாட்டில் தூக்கி ஐந்து விநாடி நிறுத்துவது. இடுப்பின் பக்கத் தசை தளர்ந்தால் நடக்கும்போது உடல் ஆடும். அந்த ஆட்டம் முழங்காலின் உள்பக்கத்தில் போய் இறங்கும்.

முதல் மூன்று வாரத்தில் அவருக்கு வலியில் ஒரு மாற்றமும் இல்லை. மகள் நிறுத்திவிடலாமா என்று கேட்டார். ஆறாவது வாரத்தில் ஒரு தலையணை போயிற்று. பத்தாவது வாரத்தில் இரண்டாவதும். பன்னிரண்டாவது வாரத்தில் வெறும் நாற்காலியில் 30 விநாடிக்கு 11 முறை எழுந்தார். வலி குறைவதற்கு முன் வலு கூடுவதுதான் வழக்கம். அதனால் முதல் இரண்டு மாதத்தில் வலியைப் பார்த்து முடிவு செய்யாமல் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஓய்வு நாட்களில் நடக்கலாம். நடக்கவே முடியாத அளவு வலி உள்ளவர்களுக்கு நம் தீவு ஒரு வசதியைத் தந்திருக்கிறது. ஃபிளிக் அன் ஃபிளாக் போன்ற கரைகளில், பவளப்பாறைக்கு உட்பட்ட அமைதியான நீரில் இடுப்பளவு ஆழத்தில் நடந்தால் உடல் எடையில் ஏறக்குறைய பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, துணைக்கு ஓர் ஆளோடு இறங்குங்கள்.

பயிற்சி செய்யும்போது வலிக்கிறதே, நிறுத்தட்டுமா?

வலியே இல்லாததைச் சுழியம், தாங்கவே முடியாததைப் பத்து என்று வையுங்கள். பயிற்சியின்போது ஐந்து வரை போகலாம். அடுத்த நாள் இதே நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிட்டாலோ, முழங்கால் வீங்கிவிட்டாலோ அடுத்த முறை ஒரு சுற்றைக் குறையுங்கள், அல்லது ஒரு தலையணையைக் கூட்டுங்கள். முழுதாக நிறுத்த வேண்டியதில்லை.

எவ்வளவு எடை குறைந்தால் முழங்காலுக்குத் தெரியும்? எங்கள் சாப்பாட்டில் எதைக் குறைப்பது?

ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் ஏறும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. 2005இல் அமெரிக்காவில் முதியவர்களை நடக்கவிட்டு அளந்து கண்டது இது. உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் மாற்றம் தெரியத் தொடங்கும், 10 விழுக்காட்டில் நன்றாகத் தெரியும். 78 கிலோ அம்மாவுக்கு 5 விழுக்காடு என்றால் நான்கு கிலோதான். உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்து 18 மாதம் செய்து பார்த்த சோதனையில், இரண்டில் ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட இரண்டையும் செய்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது.

எதைக் குறைப்பது என்று கேட்டால், நான் முதலில் கேட்பது தேநீர்க் கோப்பையைப் பற்றித்தான். அந்த அம்மா ஒரு நாளில் ஐந்து கோப்பை பால் தேநீர் குடித்தார், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சர்க்கரை. மொத்தம் 60 கிராம். 240 கலோரி. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் தேநீரில் மட்டும் இவ்வளவு எடுக்கிறார் என்பது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து ஆறு வாரத்தில் நிறுத்தினார். சட்டென்று நிறுத்தச் சொல்லியிருந்தால் மூன்றாம் நாள் மறுபடி தொடங்கியிருப்பார்.

அடுத்தது இரவுச் சோறு. தட்டில் பாதியைக் கீரைக்கும் காய்க்கும் கொடுத்தோம், முருங்கைக் கீரை வாரத்தில் மூன்று நாள் வந்தது. கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ. இந்தக் கால் பங்கு புரதத்தை விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தொடைத் தசையும் கரையும், முழங்காலுக்கு நட்டம்தான். தால்பூரியையும் மிளகாய் வடையையும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கினோம். ஏழு கறிச் சாப்பாட்டை நான் தொடவேயில்லை, இலை போட்டுச் சாப்பிடும் நாள் ஆண்டில் எத்தனை வந்துவிடும்? எட்டு மாதத்தில் அவர் 72 கிலோவுக்கு வந்தார். ஆறு கிலோ குறைவு, அதாவது ஓர் அடிக்கு 24 கிலோ.

எடை குறையும்போது சர்க்கரையும் அழுத்தமும் இறங்கும். கிளிக்ளசைடு அல்லது இன்சுலின் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வரலாம், அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு எழுந்தால் தலைசுற்றலாம். மருந்தின் அளவைக் குறைக்க மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

ஊன்றுகோல் எந்தக் கையில் பிடிப்பது?

வலிக்காத காலின் பக்கத்துக் கையில். வலிக்கும் காலும் கோலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். செருப்போடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் கோலின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தே தீருவேன் என்கிறார். விடலாமா?

அந்த நேர்த்திக்குக் குறுக்கே நான் நிற்க மாட்டேன். ஆனால் முழங்காலைவிட அவர் பாதத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சர்க்கரை பல ஆண்டாக இருப்பவருக்குப் பாத உணர்ச்சி மங்கியிருக்கும். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் தார்ச் சாலை கொதிக்கும். வெறுங்காலில் கொப்பளம் வருவதே தெரியாமல் நடந்து முடித்து, புண்ணாகி, விரலை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதத்திலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் மெல்லத் தொடுங்கள். ஆறு விரல்களைத் தொட்டதில் இரண்டை உணராவிட்டாலும் வெறுங்கால் நடை கூடாது. குருக்களிடமும் அவரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

உணர்ச்சி சரியாக இருந்தால், எட்டு வாரம் முன்பே பயிற்சி தொடங்கட்டும். ஊர்வலத்தின் தூரத்தை அதற்குள் படிப்படியாக எட்ட வேண்டும். தோளில் பெரிய காவடிக்குப் பதிலாகப் பால்குடம் எடுக்கலாம். விரத நாட்களில் சர்க்கரை மாத்திரை அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும், டைக்ளோஃபெனாக்கோ கிட்டவே வரக் கூடாது. காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலைக்கோயில் போல் படி ஏறிப் போகிற இடமென்றால், ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைப் படுத்தும். கைப்பிடியோடு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கட்டும்.

அறுவை எப்போது? டாக்டர் இப்போதே செய்யலாம் என்கிறார், இன்னொருவர் தள்ளிப்போடு என்கிறார்.

வயதோ படமோ மட்டும் இதை முடிவு செய்வதில்லை. நான் மூன்று கேள்விகள் கேட்பேன். வலி தூக்கத்தைக் கெடுக்கிறதா, வீட்டுக்கு வெளியே போவதை நிறுத்திவிட்டதா? மூன்று மாதமாவது மேலே சொன்னது போன்ற, கடினம் ஏறுகிற பயிற்சியைச் செய்தாரா? நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி உண்மையிலேயே வெகுவாகக் குறைந்திருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அறுவை நிபுணரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வலி அதிகம், படத்தில் தேய்மானம் குறைவு என்றால் அவசரப்படாதீர்கள். அப்படிப்பட்டவர்களே அறுவைக்குப் பின்னும் வலியோடு தங்கிவிடுகிறார்கள்.

டென்மார்க்கில் 2015இல் வெளியான ஒரு சோதனை இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்கிறது. முழங்கால் மாற்றிப் பயிற்சியும் செய்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலி அதிகம் குறைந்தது. அதேநேரம், பயிற்சி மட்டும் செய்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அந்த ஓராண்டுக்குள் அறுவை தேவைப்படவில்லை. கடுமையான பக்க விளைவுகள் அறுவைப் பக்கத்தில்தான் கூடுதல்.

மாற்று முழங்கால் நூற்றுக்கு ஏறத்தாழ 82 பேருக்கு 25 ஆண்டு நிலைக்கிறது. 70 வயதில் செய்துகொண்டால் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதற்கும் போதும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு அறுவைக்குப் பின்னும் குறிப்பிடத்தக்க வலி இருக்கிறது. இதை முன்பே சொல்லாத நிபுணரிடம் நீங்களே கேளுங்கள். மிகவும் தள்ளிப்போடுவதும் தவறு. முழங்கால் நீட்ட முடியாமல் வளைந்தே இறுகி, தொடை மெலிந்த பின் செய்தால் பலன் குறையும்.

சிறு துளையிட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவையைத் தேய்மானத்துக்காகச் செய்துகொள்ள வேண்டாம். 2002இலேயே போலி அறுவையோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதைவிட மேலில்லை என்று காட்டிவிட்டார்கள்.

நம் காத்ர் போர்ன் அம்மா என்ன செய்தார்? எட்டு மாதத்துக்குப் பின் படி இறங்கும்போது மட்டும் வலி மூன்று அளவில் இருந்தது. இரவில் தூங்கினார், சந்தைக்குப் பஸ்ஸில் போய்வந்தார். அறுவை வேண்டாம் என்று அவரே முடிவெடுத்தார். மறுபக்கம், இதே உழைப்பைப் போட்டும் இரவுத் தூக்கம் வராத ஒருவரை நானே அறுவைக்கு அனுப்பிவைத்திருக்கிறேன். அவர் அதற்கு முன் செய்த பயிற்சி வீணாகவில்லை, வலுவான தொடையோடு போனதால் விரைவில் நடந்தார்.

சர்க்கரை இருந்தால் அறுவை செய்வார்களா?

செய்வார்கள். ஹெச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரி 8க்குக் கீழே இருக்க வேண்டும் என்று பல நிபுணர்கள் கேட்பார்கள். காரணம் தொற்று. மாற்று மூட்டில் கிருமி புகுவது ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு நேர்கிறது, சர்க்கரை அதிகமானால் அபாயமும் அதிகம். புகுந்தால் மூட்டையே எடுத்து மறுபடி வைக்க நேரலாம். பாதத்தில் ஆறாத புண், சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று இவற்றை முதலில் சரிசெய்துவிட்டுத் தேதி வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இது இலவசம். அந்தக் காத்திருப்பு மாதங்களைத் தலையணையும் நாற்காலியுமாகக் கழிக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பூஜை செய்ய முடியுமா?

பெரும்பாலோரால் முடியாது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அறுவையன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்க வைப்பார்கள். இரண்டு வாரத்தில் முழங்கால் 90 பாகையளவு மடங்க வேண்டும், நாற்காலியில் ஒழுங்காக உட்கார அது போதும். மூன்று மாதத்தில் 110 முதல் 120. சம்மணமிட அதைவிட அதிகம் மடங்கி, காலும் திரும்ப வேண்டும். மண்டியிடுவது மாற்று மூட்டைக் கெடுக்காது. ஆனால் தழும்பின் வெளிப்பக்கத் தோல் மரத்திருப்பதால் பலருக்கு அது பிடிப்பதில்லை. மெத்தை போட்டுப் பழகலாம்.

முதல் ஆறு வாரம் கடினமானது, மடக்கும் பயிற்சியில் வலி இருக்கும், அப்போது வலி மருந்தைத் தயங்காமல் மருத்துவர் சொன்னபடி எடுக்க வேண்டும். முன்னேற்றம் ஓராண்டு வரை தொடரும். அறுவைக்கு நாள் குறித்தவுடன் வீட்டில் செய்ய வேண்டியவை: கழிவறையில் கைப்பிடி, வழுக்கும் கால்மிதிகளை எடுத்துவிடுவது, சாமி படங்களைத் தரை மாடத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்துக்கு மாற்றுவது.